சேமிப்பு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளர்ந்தது? பெருக்குச் சராசரியில் கண்டுபிடிக்கும் வழி

காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் மாமா, ஒரு வருடம் காய் நல்ல விலைக்குப் போனபோது கையில் நின்ற 2,00,000 ரூபாயை மொத்தமாக ஒரு மியூச்சுவல் ஃபண்டில் போட்டார். அதற்குப் பிறகு அதில் ஒரு ரூபாய் சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஐந்து வருடம் முடிந்ததும் கணக்கு விவரத் தாளையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் என் வீட்டுக்கு வந்தார். நோட்டில் ஒவ்வொரு வருடமும் கிடைத்த லாப நட்டத்தை எழுதி வைத்திருந்தார்:

முதல் வருடம் 24% ஏற்றம்
இரண்டாம் வருடம் 15% இறக்கம்
மூன்றாம் வருடம் 30% ஏற்றம்
நான்காம் வருடம் 8% இறக்கம்
ஐந்தாம் வருடம் 19% ஏற்றம்

"மாப்ள, எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சா 50 வருது. அஞ்சால வகுத்தா வருஷத்துக்குப் பத்து பர்சன்ட். ஆனா ரெண்டு லட்சத்தை வருஷம் பத்து பர்சன்ட்னு பெருக்கிப் பார்த்தா 3,22,000 வரணும். கணக்குல மூணு லட்சந்தான் இருக்கு. மீதி 22,000 எங்க போச்சு?"

ஃபண்டு கம்பெனி கட்டணமாகப் பிடித்துவிட்டது என்பது அவர் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் மியூச்சுவல் ஃபண்டில் நிர்வாகச் செலவைக் கழித்த பிறகுதான் ஒரு யூனிட்டின் மதிப்பையே அறிவிக்கிறார்கள். நோட்டில் இருந்த சதவீதங்கள் அந்த மதிப்பிலிருந்து வந்தவை, அதாவது செலவு போக மிஞ்சியவை. ஆக அந்த 22,000 ரூபாயை யாரும் எடுக்கவில்லை. அது ஒருபோதும் கணக்கில் இருந்ததே இல்லை. தப்பு அந்த "பத்து பர்சன்ட்"டில் இருக்கிறது.

அன்று மாமாவுக்குச் சொன்னதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

முதலில் பணம் நடந்த வழியிலேயே நடந்து பாருங்கள்

சூத்திரத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் இருப்பு எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். மாமாவின் கணக்கு இப்படிப் போனது.

2,00,000 ரூபாயில் 24% என்றால் 48,000. முதல் வருடக் கடைசியில் 2,48,000. அடுத்த வருடம் 15% இறக்கம். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த 15% இறங்கியது போட்ட 2,00,000 ரூபாயின் மேல் இல்லை, வளர்ந்து நின்ற 2,48,000 ரூபாயின் மேல். ஆகவே போனது 30,000 இல்லை, 37,200. மிஞ்சியது 2,10,800. மூன்றாம் வருடம் 30% ஏறி 2,74,040. நான்காம் வருடம் 8% இறங்கி 2,52,117. ஐந்தாம் வருடம் 19% ஏறி 3,00,019.

ஒவ்வொரு வருடச் சதவீதமும் அந்தந்த வருடத் தொடக்கத்தில் இருந்த தொகையின் மேல் விழுகிறது. அந்தத் தொகை வருடத்துக்கு வருடம் வேறு. வேறு வேறு தொகையின் மேல் விழுந்த சதவீதங்களை ஒன்றாகக் கூட்டி ஐந்தால் வகுத்தால், எல்லாமே ஒரே தொகையின் மேல் விழுந்தது போல ஆகிவிடுகிறது. மாமாவின் நோட்டில் நடந்தது அதுதான்.

இன்னும் எளிதாகப் பார்க்க 100 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் 50% ஏறினால் 150. மறுவருடம் 50% இறங்கினால் 75. கூட்டி வகுத்த சராசரி பூஜ்யம் என்று சொல்லும். கையில் 25 ரூபாய் குறைந்திருக்கும். இதையே 10% ஏற்றம், 10% இறக்கம் என்று வைத்தால் 110 ஆகி, பிறகு 99 ஆகும். குறைவது ஒரு ரூபாய்தான். ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியதோ, கூட்டி வகுத்த சராசரி அவ்வளவு ஏமாற்றும். எல்லா வருடமும் ஒரே சதவீதம் வந்திருந்தால் மட்டும் கூட்டி வகுத்த சராசரியும் உண்மையான ஆண்டு வளர்ச்சியும் ஒன்றாக இருக்கும்.

சதவீதத்தை மடங்காக மாற்றுங்கள்

இனிமேல் சதவீதத்தை அப்படியே வைத்துக் கணக்குப் போடக்கூடாது. தொகை எத்தனை மடங்கானது என்று மாற்றிக்கொள்ள வேண்டும். 24% ஏற்றம் என்றால் 100 ரூபாய் 124 ரூபாய் ஆனது, அதாவது 1.24 மடங்கு. 15% இறக்கம் என்றால் 100 ரூபாய் 85 ஆனது, 0.85 மடங்கு. ஏற்றமானால் 1-உடன் கூட்டுங்கள், இறக்கமானால் 1-இலிருந்து கழியுங்கள்.

மாமாவின் ஐந்து வருடம்: 1.24, 0.85, 1.30, 0.92, 1.19.

புதிதாகப் போடுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 8% இறக்கத்தை 0.92 என்று எழுதாமல் 0.08 என்றோ −0.08 என்றோ எழுதிவிடுவார்கள். எழுதிய பிறகு ஒருமுறை சரிபாருங்கள்: லாப வருடத்தின் எண் 1-க்கு மேலும், நட்ட வருடத்தின் எண் 1-க்குக் கீழும் இருக்க வேண்டும். எந்த எண்ணும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது.

உங்கள் தாளில் சதவீதம் இல்லாமல் வருடக் கடைசி இருப்பு மட்டும் இருந்தால் இன்னும் சுலபம். இந்த வருட இருப்பைப் போன வருட இருப்பால் வகுங்கள். 2,10,800-ஐ 2,48,000-ஆல் வகுத்தால் நேராக 0.85 வந்துவிடும்.

பெருக்குங்கள், பிறகு மூலம் எடுங்கள்

ஐந்து மடங்குகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால் 1.500095 வருகிறது. ஐந்து வருடத்தில் பணம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது என்று பொருள். 2,00,000 ரூபாய் 3,00,019 ஆனதும் அதே ஒன்றரை மடங்குதான், பாருங்கள்.

இப்போது நமக்குத் தேவையான கேள்வி இது: வருடா வருடம் மாறாமல் ஒரே மடங்காக வளர்ந்திருந்தால், எந்த மடங்கை ஐந்து முறை பெருக்கினால் 1.500095 வரும்? அதற்குப் பெயர்தான் ஐந்தாம் மூலம். பள்ளிப் பாடத்தில் பெருக்குச் சராசரி என்று படித்தோமே, அது இதுதான். விடை 1.0845. இதில் 1-ஐக் கழித்தால் 0.0845. ஆண்டுக்கு 8.45%.

மாமாவிடம் 8.45 என்று சொன்னதும் அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "மொத்த லாபம் ஒரு லட்சம், அதாவது 50 பர்சன்ட். அஞ்சால வகுத்தாலும் பத்துதானே வருது? ரெண்டு வழியிலயும் ஒரே விடை வந்தா அது சரின்னுதானே அர்த்தம்?" என்றார். நல்ல கேள்வி. இரண்டு வழியிலும் பத்து வந்தது தற்செயல். இரண்டாவது வழியிலும் ஒரு பிழை இருக்கிறது. மொத்த லாபத்தை வருடத்தால் வகுத்தால், லாபத்தின் மேல் லாபம் வந்ததை மறந்துவிடுகிறோம். அது தனிவட்டிக் கணக்கு. இரண்டு வேறு பிழைகள் ஒரே எண்ணில் வந்து நின்றதால் அவருக்கு அந்தப் பத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு சோதனை போதும். கிடைத்த சராசரியைத் தொடக்கத் தொகையில் வைத்து வருடக் கணக்குப்படி பெருக்கிப் பாருங்கள். கடைசி இருப்பு வர வேண்டும். 10% வைத்தால் 3,22,102 வருகிறது, அதனால் அது தப்பு. 8.45% வைத்தால் 3,00,039 வருகிறது. அந்த 20 ரூபாய் வித்தியாசம் சதவீதத்தை இரண்டு தசம இடத்தோடு நிறுத்தியதால் வந்தது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். தமிழில் கூட்டுச் சராசரி என்றால் கூட்டி வகுப்பது. கூட்டு வட்டி என்றால் வட்டிக்கு வட்டி. இரண்டிலும் "கூட்டு" இருப்பதால், கூட்டு வட்டியில் வளரும் பணத்துக்குக் கூட்டுச் சராசரிதான் பொருத்தம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நேர்மாறானது. கூட்டு வட்டியில் வளரும் பணத்துக்குப் பெருக்குச் சராசரி. ஃபண்டு விளம்பரங்களில் சிஏஜிஆர் என்று போடுகிறார்களே, கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம், அதுவும் இந்தப் பெருக்குச் சராசரியேதான்.

ஐந்தாம் மூலத்தைக் கையில் இருப்பதை வைத்து எடுப்பது எப்படி

கடையில் வைத்திருக்கும் சாதா கால்குலேட்டரில் வர்க்கமூலம் மட்டும் இருக்கும், ஐந்தாம் மூலம் இருக்காது. அதனால் கணக்கை விட்டுவிட வேண்டியதில்லை. ஊகித்துப் பெருக்கிப் பாருங்கள். 1.08-ஐ ஐந்து முறை எழுதிப் பெருக்கினால் 1.4693. நமக்கு வேண்டியது 1.5001, ஆகவே 8% போதவில்லை. 1.09-ஐ அப்படியே பெருக்கினால் 1.5386, கூடிவிட்டது. விடை 8-க்கும் 9-க்கும் நடுவில், பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. 1.084, 1.085 என்று இரண்டு முறை போட்டுப் பார்த்தால் 8.4-க்கும் 8.5-க்கும் நடுவில் என்று தெரிந்துவிடும். நம் தேவைக்கு அதுவே போதும்.

செல்போன் கால்குலேட்டரைப் படுக்கை வாட்டில் திருப்பினால் பெரும்பாலும் அடுக்குக்குறி விசை வரும். அதில் இப்படி அடியுங்கள்:

```
1.500095^(1/5)
```

அடைப்புக்குறியை விட்டுவிட்டால் கால்குலேட்டர் 1.5-ஐ ஒன்றாம் அடுக்குக்கு உயர்த்தி, பிறகு ஐந்தால் வகுத்து 0.3 என்று காட்டும். விடை 1-க்குப் பக்கத்தில் இல்லாமல் 0.3 போல எங்கேயோ இருந்தால் அடைப்புக்குறிதான் காரணம்.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் பழக்கம் இருந்தால், ஐந்து மடங்குகளையும் B2 முதல் B6 வரை எழுதி:

```
=GEOMEAN(B2:B6)-1
```

தொடக்க இருப்பும் கடைசி இருப்பும் மட்டும் தெரிந்தால்:

```
=(300019/200000)^(1/5)-1
```

இரண்டிலும் 0.0845 வரும். GEOMEAN-இல் மடங்குகளைத்தான் கொடுக்க வேண்டும். 24, −15 என்று சதவீதங்களையே கொடுத்தால் #NUM! என்று பிழை காட்டும், ஏனென்றால் அது பூஜ்யத்துக்கு மேற்பட்ட எண்களை மட்டுமே ஏற்கும். பிழை காட்டினால் நல்லது, உடனே தெரிந்துவிடும். நட்ட வருடமே இல்லாத கணக்கில் சதவீதங்களைக் கொடுத்தால் பிழை காட்டாது, நம்பும்படியான ஒரு தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். அதில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

வருடத்தை எண்ணும்போது

மாமாவின் தாளில் ஆறு இருப்புகள் இருந்தன: போட்ட அன்று ஒன்று, பிறகு ஐந்து வருடக் கடைசிகள். ஆறு எண் இருக்கிறதே என்று ஆறாம் மூலம் எடுத்தால் 6.99% வரும். ஒன்றரை சதவீதம் காணாமல் போய்விடும். நம் பக்கத்துத் தோட்டங்களில் வேலிக்குக் கல் தூண் நடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு தூண் நட்டால் இடைவெளி ஐந்துதான். எண்ண வேண்டியது இடைவெளியை. ஐந்து வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தால் 64 மாதம், அதை 12-ஆல் வகுத்து 5.33 என்று போடுங்கள். அடுக்கில் 1/5.33 வரும்.

நடுவில் பணம் போட்டிருந்தால்

இதுவரை சொன்னது எல்லாம், மாமாவைப் போல ஒரே முறை போட்டுவிட்டுத் தொடாமல் விட்ட பணத்துக்கு. நடுவில் பணம் போட்டாலோ எடுத்தாலோ, முதல் இருப்பையும் கடைசி இருப்பையும் மட்டும் வைத்துக் கணக்குப் போடவே கூடாது.

மாமா நான்காம் வருடத் தொடக்கத்தில் இன்னும் 1,00,000 போட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2,74,040 அன்று 3,74,040 ஆகியிருக்கும். 8% இறங்கி, 19% ஏறி, கடைசியில் 4,09,499. இதை 2,00,000-ஆல் வகுத்து ஐந்தாம் மூலம் எடுத்தால் ஆண்டுக்கு 15.4% வரும். ஃபண்டு அதேதான், வருட வருமானமும் அதேதான். அவர் பையிலிருந்து போட்ட லட்ச ரூபாயையும் நாம் வளர்ச்சி என்று எண்ணிவிட்டோம்.

இதைச் சரிசெய்ய, பணம் போட்ட இடத்தில் கணக்கை வெட்டுங்கள். போடுவதற்கு முந்தைய இருப்பு வரைக்கும் ஒரு மடங்கு, போட்ட பிறகு இருந்த தொகையிலிருந்து ஒரு மடங்கு. 2,00,000 முதல் 2,74,040 வரை 1.3702 மடங்கு. 3,74,040 முதல் 4,09,499 வரை 1.0948 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் பழைய 1.5001 மறுபடி வந்து நிற்கும். ஐந்தாம் மூலம் 8.45%.

இது ஃபண்டு எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறது. "என் பணம் எப்படி வளர்ந்தது?" என்பது தனிக் கேள்வி. பின்னால் போட்ட லட்சத்துக்கு ஒரு இறக்கமும் ஒரு ஏற்றமும்தான் கிடைத்தன, நல்ல மூன்றாம் வருடம் கிடைக்கவில்லை. அதையும் எடைபோட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 7.9% வரும். அதற்கு ஷீட்டில் XIRR என்ற சூத்திரம் இருக்கிறது. போட்ட தேதிகளும் தொகைகளும், கடைசி இருப்பும் கொடுக்க வேண்டும். போட்டதைக் கழித்தல் குறியோடு எழுதுங்கள். மாதா மாதம் எஸ்ஐபி கட்டுகிறவர்கள் பெருக்குச் சராசரியோடு போராடாமல் நேராக XIRR-க்குப் போய்விடுங்கள்.

வங்கி டெபாசிட்டோடு ஒப்பிடும்போது

மாமா வந்த உண்மையான காரணம் இதுதான். ஒரு வங்கியின் துண்டுத் தாளையும் கொண்டு வந்திருந்தார். ஐந்து வருட டெபாசிட், வட்டி 7%, கீழே "ஆண்டு ஈட்டம் 8.30%" என்று பெரிய எழுத்தில். ஃபண்டு 8.45, டெபாசிட் 8.30, ஏற இறங்காத டெபாசிட்டுக்கே மாறிவிடலாமே என்று கேட்டார்.

துண்டுத் தாளின் எண் எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலில் சேர்கிறது. 7%-ஐ நான்கால் வகுத்தால் 1.75%. ஐந்து வருடத்தில் இருபது முறை. 1.0175-ஐ இருபது முறை பெருக்கினால் 1.4148. ஆக 2,00,000 ரூபாய் 2,82,956 ஆகும். லாபம் 41.48%. அதை ஐந்தால் வகுத்தால் 8.30. மாமா நோட்டில் போட்ட இரண்டாவது வழி அப்படியே துண்டுத் தாளில் அச்சாகியிருந்தது. 1.4148-க்கு ஐந்தாம் மூலம் எடுத்தால் உண்மையான ஆண்டு வளர்ச்சி 7.19%.

அப்புறம்தான் ஒப்பிட முடிந்தது. ஒரே அளவுகோலில் ஃபண்டு 8.45, டெபாசிட் 7.19. துண்டுத் தாளின் வழியில் அளந்தால் ஃபண்டு 10, டெபாசிட் 8.30. எந்த அளவுகோலானாலும் இரண்டுக்கும் அதையே வைக்க வேண்டும். ஒன்றுக்கு 8.45-உம் மற்றதற்கு 8.30-உம் வைத்ததால்தான் இரண்டும் சமம் போலத் தெரிந்தன.

டெபாசிட்டின் 7.19 முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது, வரப்போகும் ஐந்து வருடத்துக்கும் அதேதான். ஃபண்டின் 8.45 கடந்துபோன ஐந்து வருடத்தின் கணக்கு. பெருக்குச் சராசரியில் வருடங்களின் வரிசை தெரியாது. 19% முதலில் வந்து 24% கடைசியில் வந்திருந்தாலும் அதே 8.45தான் வரும். நான்காம் வருடக் கடைசியில், 2,52,117 இருந்த அன்று அவசரத்துக்கு எடுத்திருந்தால் நான்கு வருடத்தின் பெருக்குச் சராசரி 5.96%தான். டெபாசிட்டை விடக் கீழே.

மாமாவின் மகளுக்கு இரண்டு வருடத்தில் கல்லூரிக் கட்டணம் வருகிறது. அதற்கு வேண்டிய ஒரு லட்சத்தை டெபாசிட்டுக்கு மாற்றிவிட்டு, மீதியை இருந்த இடத்திலேயே விட்டார். நோட்டில் "10%" என்று எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் 8.45 என்று எழுதி வட்டம் போட்டுக்கொண்டு காவேரிப்பட்டினம் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.